உங்களுக்குத் தெரியுமா? பிரெஞ்சுக்காரரின் ‘ஆக்சுவலி’ வேறு!

கண்டியிலிருந்து மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்குப் போகும் ஏ-9 வீதியோரம் வாசனைத் திரவியத் தோட்டங்கள் நிறைய உண்டு. சிகிரியாவுக்குப் போகும் பிரெஞ்சுப் பயணிகளின் வான்கள் கறுவாவும் கராம்பும் பார்க்க இங்கே நிற்கும். வருகிறவருக்கு ஆங்கிலம் பாதி, வழிகாட்டும் தம்பிக்குப் பிரெஞ்சு பாதி. தெரியாத சொல் வந்தால் இருவரும் கையைக் காட்டிச் சமாளித்துவிடுவார்கள். தெரிந்த சொல்போல் தோன்றுவதுதான் காலை வாரிவிடும்.

●

இரண்டு மொழியிலும் ஒரே உருவில் இருந்து, பொருளில் மட்டும் விலகிப்போன சொற்களைப் பிரெஞ்சில் ‘ஃபோஸமி’ என்பார்கள். பொய் நண்பர்கள் என்று பொருள். 1928இல் கோஸ்லெர், தெரோகினி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் இவற்றைத் திரட்டி ஒரு புத்தகமே போட்டார்கள். அதற்குப் பிறகே இந்தப் பெயர் நிலைத்தது. நமக்கும் இது புதிதில்லை. மலையாளி ‘வெள்ளம்’ கேட்டால் அவருக்குத் தேவை ஒரு டம்ளர் தண்ணீர்தான்.

●

பிரெஞ்சில் ‘அக்துயெல்மான்’ என்றால் ‘இப்போது’, ‘தற்சமயம்’. ஆங்கிலத்தில் அதன் இரட்டைப் பிள்ளை போலிருக்கும் ‘ஆக்சுவலி’க்கு ‘உண்மையில்’ என்று பொருள். அதோடு, எதிரில் இருப்பவர் சொன்னதை மெல்லத் திருத்தவும் ஆங்கிலம் பேசுவோர் அதைப் பயன்படுத்துவார்கள். தவறு பெரிதாவது இந்த இரண்டாவது வேலையால்தான்.

ஒரு மாலை ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். மாத்தளையில் விடுதி நடத்தும் ஒருவர், அறை கேட்டிருந்த பிரெஞ்சுக் குடும்பத்துக்குப் போன் செய்து, “இன்று மாத்தளைக்கு வருகிறீர்கள்தானே?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து, “ஆக்சுவலி, வீ ஆர் இன் தம்புள்ள” என்று பதில் வருகிறது. பிரெஞ்சுக்காரர் சொன்னது, “இப்போது தம்புள்ளையில் நிற்கிறோம்” என்று. அதாவது, வந்துகொண்டிருக்கிறோம். விடுதிக்காரர் காதில் விழுந்தது, “இல்லை, நாங்கள் தம்புள்ளையில் தங்கிவிட்டோம்” என்று. அவர் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார். எட்டு மணிக்கு வான் வாசலில் வந்து நிற்கிறது. இருவருமே பொய் சொல்லவில்லை; இருவரும் பேசியது பிழையில்லாத வாக்கியம்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்து ‘ஆக்சுவலி’ வந்தால், மனதுக்குள் அதன் இடத்தில் ‘இப்போது’ என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் சரியாக அமைந்தால் பெரும்பாலும் அதுதான் அவர் சொல்ல வந்தது. சந்தேகம் தீராவிட்டால், “எத்தனை மணிக்கு வருவீர்கள்?” என்று நேரத்தைக் கேளுங்கள். நேரத்தைக் கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

●

இதே சொல் நம் பக்கத்திலிருந்தும் சறுக்கும். சிகிரியாக் குன்றடியில் காசியப்பன் கதையைப் பிரெஞ்சில் சொல்லும் வழிகாட்டி, “உண்மையில் அவன் தன் தந்தை தாதுசேனனைக் கொன்றான்” என்று சொல்ல நினைத்து ‘அக்துயெல்மான்’ என்று தொடங்கிவிடுகிறார். கேட்பவருக்கு அது, “தற்சமயம் காசியப்பன் தந்தையைக் கொன்றான்” என்று விழுகிறது. கொலை நடந்தது ஐந்தாம் நூற்றாண்டில். அங்கே வர வேண்டிய பிரெஞ்சுச் சொல் ‘ஆன் ஃபெத்’. நாக்குக்கு எளிதான சொல்தான், பழக்கமில்லாததால் வருவதில்லை.

●

அடுத்த சொல் பணத்தையே தின்னும். ஆங்கிலத்தில் ‘இவென்ச்சுவலி’ என்றால் ‘கடைசியில் கட்டாயம்’. பிரெஞ்சில் ‘எவான்துயெல்மான்’ என்றால் ‘ஒருவேளை’. பாரிஸ் பயண முகவர் ஒருவர், “இவென்ச்சுவலி இரண்டாவது வான் தேவைப்படும்” என்று ஆங்கிலத்தில் எழுதினால், இங்கே இருப்பவர் இரண்டு வானுக்கும் முற்பணம் கட்டிவிடுவார். முகவர் எழுதியதோ, “தேவைப்பட்டாலும் படலாம்” என்று. இப்படிக் கடிதம் வந்தால் வானைப் பிடிக்குமுன், “நிச்சயமா, ஒருவேளையா?” என்று ஒரு வரி திருப்பி எழுதுவதே நல்லது. கடைசியில் நடக்கும் என்பதைப் பிரெஞ்சில் சொல்ல ‘ஃபினல்மான்’ இருக்கிறது.

●

தோட்டத்துக்குள் போனால் மருந்துப் பேச்சு. பிரெஞ்சில் ‘மெத்சேன்’ என்றால் வைத்தியர். ‘மெத்சின்’ என்றால் வைத்தியத் துறை. குடிக்கும் மருந்துக்கு ‘மெதிகமான்’. எண்ணெய்ப் போத்தலைக் காட்டி ‘மெத்சேன்’ என்றால், வைத்தியர் எங்கே என்று அவர் திரும்பிப் பார்ப்பார்.

அதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது லேபிளில். கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் ‘பிரிசர்வேட்டிவ்’. அதே சொல் பிரெஞ்சில் ‘ப்ரெசெர்வத்தீஃப்’ ஆகும்போது ஆணுறையைக் குறிக்கும். “எங்கள் ஜாமில் அது இல்லை” என்று அட்டையில் எழுதிவைத்தால் வாங்க வந்தவர் என்ன நினைப்பார்? சரியான சொல் ‘கோன்செர்வத்தேர்’. இந்தச் சொல்லையே அருங்காட்சியகக் காப்பாளருக்கும் சொல்வார்கள். சிகிரியா அருங்காட்சியகத்தில் அதைக் கேட்டுத் திகைக்க வேண்டாம்.

●

அலுவிகாரையிலும் தம்புள்ளையிலும் நாம் காட்டுவது குகைக் கோயில்கள். குகைக்கு ஆங்கிலத்தில் ‘கேவ்’. அதே எழுத்தில் பிரெஞ்சில் வரும் ‘காவ்’ என்பது வீட்டுக்குக் கீழே உள்ள நிலவறை, பெரும்பாலும் வைன் போத்தல்கள் அடுக்கும் இடம். புத்தர் சிலைகள் நிறைந்த தம்புள்ளையின் ஐந்து குகைகளுக்கும் அந்தப் பெயர் கூடாது. ‘க்ரோத்’ என்று சொல்லுங்கள்.

●

இந்தப் பிளவு ஏன்? 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாக ஆங்கிலத்தில் புகுந்தன. பின்னர் இரண்டு மொழிகளும் தத்தம் வழியில் வளர்ந்தன. ‘அக்துயெல்’, ‘ஆக்சுவல்’ இரண்டுக்கும் வேர், செயலோடு தொடர்புடைய ஒரே லத்தீன் சொல். செயலில் இருப்பதை ‘உண்மையாக இருப்பது’ என்று ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. ‘இப்போது நடப்பது’ என்று பிரெஞ்சு எடுத்துக்கொண்டது.

பலர் அறியாத ஒன்று: இதில் தனித்து நிற்பது ஆங்கிலம்தான். ஜெர்மன் மொழியின் ‘அக்துவெல்’, ஸ்பானிய மொழியின் ‘அக்துவல்மெந்தே’ இரண்டும் ‘இப்போது’ பக்கமே. ‘ஒருவேளை’ என்ற பொருளிலும் ஜெர்மன் ‘எவென்துவெல்’ பிரெஞ்சோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே பிரெஞ்சுக்காரரிடம் எடுக்கும் கவனத்தை ஜெர்மன்காரரிடமும் எடுங்கள்.

●

பாரிஸின் லா ஷப்பேல் பக்கம் இருந்து லீவுக்கு வரும் அண்ணன் பிள்ளைகளும் இதே ஆங்கிலம்தான் கதைப்பார்கள். “ஆக்சுவலி நான் படிக்கிறேன்” என்று பிள்ளை சொன்னால், அது உங்களை மறுத்துப் பேசுவது அல்ல. இப்போது படித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வழிகாட்டும் தம்பிமார் இந்தச் சொற்களைச் சட்டைப்பை நோட்டில் எழுதும்போது, பக்கத்தில் ஆங்கிலத்தை எழுதாமல் தமிழை எழுதுங்கள்: அக்துயெல்மான் - இப்போது, எவான்துயெல்மான் - ஒருவேளை, மெத்சேன் - வைத்தியர், காவ் - நிலவறை.