மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் தங்கம்: நிறம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

அறிவியல் வகுப்பில் கலவைகள் பற்றிப் பேசும்போது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எங்க பாட்டியோட சங்கிலி செவப்பா இருக்கு. அது தங்கமா, செம்பா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "செவப்பா இருந்தா மட்டம்" என்று நம்மில் பலர் சட்டென்று சொல்லிவிடுவோம். அந்தப் பேச்சை நம்பி ஒரு குடும்பம் நல்ல நகையைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடவும் கூடும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பாகான் டாலாமிலிருந்து பெரி ஏறி, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 750 முத்திரையுள்ள மூன்று மோதிரங்களைக் கேளுங்கள்: ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. ஒவ்வொன்றும் 4 கிராம். 750 என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். ஆக மூன்றிலும் 3 கிராம் தங்கம்தான் இருக்கிறது. மீதி 1 கிராம்தான் நிறத்தை மாற்றுகிறது.

சுத்தத் தங்கம் நீல ஒளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அது மஞ்சளாகத் தெரிகிறது. செம்பு, நீலத்தோடு பச்சையையும் ஓரளவு இழுத்துக்கொள்வதால் கலவை சிவக்கிறது. வெள்ளி எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்புவதால் கலவை வெளுக்கிறது; வெள்ளி மட்டும் கூடினால் லேசான பச்சை சாயலும் வரும். மஞ்சள் மோதிரத்தின் அந்த 1 கிராமில் வெள்ளியும் செம்பும் ஏறக்குறைய பாதிப் பாதி. சிவப்பு மோதிரத்தில் அது பெரும்பாலும் செம்பு. வெள்ளை மோதிரத்தில் பல்லேடியம் அல்லது நிக்கல் சேர்ந்து மஞ்சளை அடக்கிவிடுகிறது. அப்போதும் லேசான மங்கல் மிஞ்சும் என்பதால், பெரும்பாலும் மேலே ரோடியம் முலாம் பூசுவார்கள். நாள்பட அணிந்த வெள்ளைத் தங்க மோதிரத்தின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முலாம் தேய்ந்த இடம் வெளிர்மஞ்சளாகத் தெரியும். அது போலி என்பதற்கு அடையாளம் அல்ல. நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும்; அதையும் கடையில் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது 916 நகைக்கு வருவோம். இதில் பிற உலோகத்துக்கு ஆயிரத்தில் 84 பங்குதான் இடம். அவ்வளவு கொஞ்சத்தை வைத்துத் தங்கத்தின் மஞ்சளை வெளுக்க வைக்க முடியாது. 916 வளையலில் வெள்ளைப் பூ தெரிந்தால் அது மேற்பூச்சு என்று புரிந்துகொள்ளுங்கள். தேய்ந்தால் உள்ளே மஞ்சள்தான் வரும்.

சிவப்புக்கு இந்தத் தடை இல்லை. நாம் 'பவுன்' என்றும் 'சவரன்' என்றும் சொல்லும் அளவு, பிரிட்டிஷ் தங்க நாணயத்திலிருந்து வந்தது. அந்த நாணயம் 22 காரட், மீதி செம்பு. அதனால் அதில் லேசான சிவப்பு ஓடும். அதே சமயம், மலாய்க்காரர்கள் சுவாசா என்று சொல்லும் தங்கம்-செம்புக் கலவையும் சிவப்புதான். ஆனால் அதில் செம்பு மிக அதிகம். ஒன்று உயர்ந்தது, ஒன்று குறைந்தது; இரண்டுமே சிவப்பு! ஆகவே நிறம் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு தங்கம் என்று சொல்லாது.

அப்படியானால் பாட்டியின் சங்கிலியை எப்படிப் பார்ப்பது? முதலில் கொக்கியில் முத்திரை எண்ணைத் தேடுங்கள். அது தேய்ந்திருந்தால் அடர்த்தி உதவும். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். சங்கிலியை மெல்லிய நூலில் கட்டி முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. தராசு காட்டும் கிராம், சங்கிலியின் கன சென்டிமீட்டர் அளவுக்குச் சமம்.

சங்கிலி 8 கிராம் என்று வையுங்கள். தராசு 0.45 அளவில் காட்டினால், அடர்த்தி கிட்டத்தட்ட 17.6, செம்பு கலந்த 916-க்கு அது பொருந்தும். 0.71 காட்டினால் 11.2 அளவு, அது செம்பு மிகுந்த 375-க்குப் பொருந்தும். 0.89 என்றால் வெறும் செம்பாக இருக்கலாம்.

கவனம்: சங்கிலிக் கண்ணிகளில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் தங்கம் குறைவாகத் தெரியும், தண்ணீருக்குள் மெல்ல ஆட்டி விரட்டுங்கள். கல் பதித்த நகைக்கும் உள்ளே குழாயாக உள்ள நகைக்கும் இந்தக் கணக்கு சரிவராது. விற்கவோ அடகு வைக்கவோ போவதானால், உரைகல்லில் உரசிப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் ஊசியோடு சிவப்பு நகையை ஒப்பிட்டால் கண் ஏமாறும். அதே நிறத்தில், மாற்று தெரிந்த ஊசியோடு ஒப்பிடச் சொல்ல வேண்டும்.

அந்த மாணவிக்கான பதில் இதுதான்: "செவப்பா இருந்தா செம்பு கலந்திருக்கு, அவ்வளவுதான். எவ்வளவு தங்கம்னு எடை போட்டுப் பார்த்துச் சொல்லும்மா."