ஸ்டாரிலேயே நின்றுவிடும் மோட்டார்

ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர் மோட்டாரை இரண்டு கட்டமாகக் கிளப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் மெயின் காண்டாக்டரும் ஸ்டார் காண்டாக்டரும் இழுக்கும். அப்போது மோட்டாரின் மூன்று வைண்டிங்குகளும் ஒரு முனையில் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால், ஒவ்வொன்றுக்கும் 415 வோல்ட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 240 வோல்ட்தான் கிடைக்கும். நேரடியாகக் கிளப்பினால் இழுக்கும் கரண்டில் மூன்றில் ஒரு பங்குதான் லைனில் ஓடும். முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்காகவே இருக்கும். சில நொடிகளில் டைமர் மாறி ஸ்டார் காண்டாக்டரை விடுவிக்க, டெல்டா காண்டாக்டர் இழுத்து, வைண்டிங்குகளுக்கு முழு 415 வோல்ட்டும் கிடைக்கிறது. இந்த இரண்டாம் கட்டம் நடக்காமல் போவதுதான் இங்கே பேசப்படும் பழுது.

கிணற்றுப் பாசனத்துக்கு ஓடும் 15 எச்.பி. பம்ப்செட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இதன் முழுச்சுமைக் கரண்ட் ஏறத்தாழ 21 ஆம்பியர். ஸ்டாரில் நின்றுவிட்டாலும் மோட்டார் சுற்றும், தண்ணீரும் வரும். ஆனால் சுமையை இழுக்கத் தெம்பில்லாமல் வேகம் குறையும். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பம்ப் தண்ணீரை உயர்த்தும் திறன் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதால், ஆழக் கிணற்றில் குழாயில் விழும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்படி இளைத்துவிடும். காதுக்கும் அடையாளம் உண்டு. வழக்கமாகக் கிளப்பிய சில நொடிகளில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 'டக், டக்' என்று காண்டாக்டர் மாறும் சத்தம் கேட்கும். அது கேட்காது.

இந்தப் பழுதின் ஆபத்து அம்மீட்டரில் தெரிவதில்லை. மீட்டர் 20 ஆம்பியர் காட்டும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். டெல்டாவில் லைனில் 20 ஆம்பியர் ஓடினால் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 11.5 ஆம்பியர்தான் போகும். ஸ்டாரிலோ லைனில் ஓடும் 20 ஆம்பியரும் அப்படியே வைண்டிங்குக்குள் போகிறது. 12 ஆம்பியருக்குச் சுற்றப்பட்ட கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால் சூடு இரண்டரை மடங்குக்கும் மேல் ஏறும். ஓவர்லோடு ரிலே மோட்டாருக்குப் போகும் வயரில் பொருத்தப்பட்டு 12 ஆம்பியருக்கு வைக்கப்பட்டிருந்தால் சில நிமிடங்களில் ட்ரிப் ஆகி மோட்டாரைக் காப்பாற்றிவிடும். உள்ளே வரும் லைனில் பொருத்தி 21 ஆம்பியருக்கு வைத்திருந்தால் அது அசையவே அசையாது. காயில் எரியும்வரை மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ரிலே அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதன் அளவைக் கூட்டி வைப்பது, கிடைத்த ஒரே எச்சரிக்கையையும் வாயடைத்துவிடும் செயல்.

எனவே மோட்டார் உண்மையிலேயே ஸ்டாரில்தான் நிற்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். கிளாம்ப் மீட்டர் போதும். உள்ளே வரும் லைன் ஒன்றிலும், ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஆறு வயர்களிலும் கரண்டைப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு இருந்தால் ஸ்டார். மோட்டார் வயர்களில் லைனைவிடக் குறைந்து, ஏறத்தாழ 58 சதவீதம் இருந்தால் டெல்டா. ஆறில் இரண்டு வயர்களில் மட்டும் கரண்டே இல்லாவிட்டால் கதை வேறு: மோட்டார் டெல்டாவுக்கு மாறியிருக்கிறது, ஆனால் ஒரு பாயிண்ட் தேய்ந்தோ வயர் தளர்ந்தோ ஒரு வைண்டிங் விடுபட்டிருக்கிறது. இதிலும் மோட்டார் பலவீனமாகத்தான் ஓடும். இதற்காக டைமரை மாற்றிப் பயனில்லை.

ஸ்டார்தான் என்று தெரிந்ததும் பலரும் டெல்டா காண்டாக்டரின் காயிலைத்தான் சந்தேகிக்கிறார்கள். வழக்கமான இணைப்பில் இது தவறான இடம். டைமர் மாறும்போது முதலில் ஸ்டாரை விடுவிக்கிறது. அதன் பிறகே டெல்டாவுக்குச் சப்ளை போகிறது. டெல்டா காயில் மட்டும் எரிந்திருந்தால் ஸ்டார் விடும், டெல்டா இழுக்காது, வைண்டிங்குகளின் மறுமுனை எதிலும் சேராமல் தொங்கும். மோட்டார் பலவீனமாக ஓடாது. கரண்டே இல்லாமல் மெல்ல நின்றுவிடும். ஆக, மோட்டார் ஸ்டாரில் தொடர்ந்து ஓடுகிறது என்றாலே ஸ்டார் காண்டாக்டர் விடவில்லை என்று பொருள். அது ஏன் விடவில்லை என்பது ஒன்றுதான் கேள்வி.

அதற்கான பதில் ஸ்டார் காண்டாக்டரின் ஏ1, ஏ2 முனைகளில் கிடைக்கும். டைமரின் நேரம் கடந்த பிறகு அங்கே வோல்ட்டேஜ் அளக்க வேண்டும். இது மின்சாரம் ஓடும்போது செய்யும் வேலை என்பதால் பயிற்சி பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். காயிலின் மீது எழுதியுள்ளபடி 240 அல்லது 415 வோல்ட் இன்னும் இருந்தால், காண்டாக்டர் மீது குற்றமில்லை, டைமர் மாறவில்லை. அடுத்து டைமரின் ஏ1, ஏ2 முனைகளைப் பார்க்க வேண்டும். அங்கே சப்ளை இல்லையென்றால் வயரோ ஸ்குருவோ தளர்ந்திருக்கும். மோட்டாரின் அதிர்வில் இது அடிக்கடி நடப்பது. சப்ளை இருந்தும் மாறவில்லையென்றால், நொடிக்குப் பதில் நிமிட அளவுக்குத் திருகப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டைமரை மாற்றலாம்.

காயிலில் வோல்ட்டேஜ் இல்லை, ஆனாலும் காண்டாக்டர் இழுத்தபடியே இருக்கிறது என்றால் பாயிண்டுகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அல்லது தூசும் துருவும் ஏறி அடைத்திருக்கிறது. மெயினை அணைத்த பிறகும் அது விடாமலிருப்பது இதை உறுதிப்படுத்தும். ஸ்டார் காண்டாக்டர் விட்டால்தான் டெல்டா காயிலுக்கு வழி திறக்கும்படி இன்டர்லாக் பாயிண்ட் இருப்பதால் டெல்டா இழுக்காமல் நிற்கிறது. இந்தத் தடையைத் தாண்ட டெல்டா காண்டாக்டரைக் கையால் அழுத்துவதோ, இன்டர்லாக்கை நேரடியாக இணைப்பதோ மூன்று பேஸையும் ஒன்றோடொன்று மோதவிடுவதாகும். பெட்டி வெடித்து முகமும் கையும் கருகிவிடும்.

மேலே சொன்ன 15 எச்.பி. பம்ப்செட்டில் காயிலில் வோல்ட்டேஜ் பூஜ்யம், காண்டாக்டர் உள்ளேயே நிற்கிறது, டைமர் 3 நொடிக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். காண்டாக்டரைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். கிளப்பும் நேரத்துக்கு மட்டுமே வேலை என்பதால் ஸ்டார் காண்டாக்டரை மற்ற இரண்டையும்விடச் சிறியதாகத்தான் போடுவார்கள். மோட்டார் வேகமெடுக்கும் முன்பே, கரண்ட் உச்சத்தில் இருக்கும்போது டைமர் அதைப் பிரிக்கச் சொன்னால் பாயிண்டுகளுக்கிடையே தீப்பொறி நீண்டு வெள்ளி உருகும். வோல்ட்டேஜ் குறைந்து மோட்டார் இன்னும் மெதுவாக வேகமெடுக்கும் வேளைகளில் இது மோசமாகும்.

டைமரை எத்தனை நொடிக்கு வைப்பது என்பதை அம்மீட்டரே சொல்லும். கிளப்பியதும் முள் உயர்ந்து நிற்கும். மோட்டார் வேகமெடுத்ததும் சட்டென்று இறங்கும். அது இறங்கிய ஓரிரு நொடியில் மாறும்படி வைக்க வேண்டும். இத்தகைய பம்புகளுக்கு இது பெரும்பாலும் 5 முதல் 10 நொடிக்குள் அமையும். காண்டாக்டரை மாற்றி, டைமரை இப்படித் திருத்தியபின், மோட்டாரின் ஆறு வயர்களையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் இயக்கி ஸ்டார் விட்டு டெல்டா இழுப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு வயர்களை முன்பிருந்த இடத்திலேயே மாட்டி ஓட்டினால், லைனில் 20 ஆம்பியர் ஓடும்போது ஆறு வயர்களிலும் ஏறத்தாழ 11.5 ஆம்பியர் காட்ட வேண்டும்.