மடிப்பு கலையாமல் நிறம் மாற்றுதல்

2012இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட அர்பன் லேடர் போன்ற நிறுவனங்கள் அறைகலன்களை இணையத்தில் விற்கத் தொடங்கியபின், சோபாவைத் தொட்டுப் பார்க்காமல் படத்தை நம்பியே நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெருகினர். நிறத்துக்கு ஒரு சோபா செய்து படமெடுப்பதைவிட ஒரே படத்தில் நிறத்தை மாற்றுவது எளிது. ஆனால் புதிய நிறத்தை மேலே பூசினால் மடிப்புகள் மறைந்து, சோபா வெட்டி ஒட்டிய காகிதம்போலத் தட்டையாகிவிடும்.

இதைத் தவிர்க்க உதவும் தெளிவான விளக்கத்தை 1985இல் ஆய்வாளர் ஸ்டீவன் ஷேஃபர் அளித்தார். பளபளப்பான பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி இரு பகுதிகளின் கூட்டல்: பொருளுக்குள் புகுந்து சாயத்தைத் தொட்டுத் திரும்பும் ஒளி ஒன்று, மேற்பரப்பிலேயே தெறித்து, விளக்கின் நிறத்தை மாறாமல் சுமந்துவரும் மினுமினுப்பு மற்றொன்று. சாயம் மாறினால் மாற வேண்டியது முதற்பகுதி மட்டுமே.

சன்னலின் வெண்ணொளியில் உள்ள சிவப்பு ரெக்சின் சோபா ஒன்றைக் கொள்வோம். நன்கு ஒளிபடும் இடத்தில் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் முறையே 0.40, 0.05, 0.04 எனில், கால்பங்கு ஒளியே புகும் மடிப்பில் மூன்றும் அதே விகிதத்தில் 0.10, 0.0125, 0.01 எனக் குறையும். விகிதம்தான் மடிப்பின் வடிவத்தைக் காட்டுவது, ஆகவே 0.04, 0.08, 0.35 என்ற நீலத்துக்கு மாற்றும்போது மடிப்பிலும் அதன் கால்பங்கையே இட வேண்டும்.

மினுமினுப்பில் இந்தப் பெருக்கல் மட்டும் உதவாது. அங்கே 0.70, 0.35, 0.34 என்ற அளவு இருந்தால், அது சாய ஒளியுடன் 0.30 வெண்ணொளி சேர்ந்ததாகும். முதலில் 0.30ஐக் கழித்து, எஞ்சியதை நீலமாக்கி, பின் 0.30ஐத் திரும்பக் கூட்டினால் 0.34, 0.38, 0.65 கிடைக்கும், சன்னலின் வெண்மை வெண்மையாகவே நிற்கும். கழிக்காமல் பெருக்கினால் நீல அளவு 3ஐ நெருங்கி, காட்டக்கூடிய உச்சமான 1ஐத் தாண்டிவிடும். படக்கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் உண்மை அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. எனவே கழிப்பதற்கு முன் அவற்றை ஒளியளவாக மாற்றியாக வேண்டும். காரின் வண்ணத்துக்கு மேலுள்ள நிறமற்ற பூச்சில் தெரியும் வானமும் மரக்கிளைகளும் இதே கணக்கில்தான் காப்பாற்றப்படுகின்றன.

மினுமினுப்பு மிகுந்து மூன்று அளவுகளும் உச்சத்தைத் தொட்ட இடத்தில், உள்ளே இருந்த சாயத்தின் பங்கை மீட்க முடியாது. அதை வெள்ளையாகவே விடுவதே முறை. திரைச்சீலையில் சிக்கல் வேறு: துணி இரண்டாக மடியும் இடத்தில் ஒளி இரு முறை சாயத்தைக் கடப்பதால் நிறம் இருள்வதுடன் அடர்த்தியும் பெறுகிறது. எனவே மேற்சொன்ன ஒற்றை விகிதம் அங்கே பொருந்தாது.

மாற்றிய படத்தைச் சோதிக்க, சோபாவை ஒட்டிய வெள்ளைச் சுவரையும் பளிங்குத் தரையையும் பார்க்க வேண்டும். முன்பிருந்த சோபா அவற்றில் வீசிய மெல்லிய சிவப்பு நீங்காமல் கிடந்தால், நீல சோபாவின் மடிப்புகள் எவ்வளவு சரியாக அமைந்திருந்தாலும் கண் ஏதோ ஒட்டவில்லை என்று உணரும்.