அடுத்து எடுப்பவருக்கு ஒரு குறிப்பு

கஸ்டமர் கேருக்கு இரண்டாவது முறையாகப் போன் செய்கிற எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை?” நேற்றே எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னோமே, மறுபடி முதலிலிருந்தா என்று எரிச்சல் வருகிறது. எடுத்தவர் வேறு ஆள்தான். ஆனால் நேற்றுப் பேசியவர் அழைப்பை முடித்ததும் எழுதிய ஒரு குறிப்பு இவருடைய திரையில் இருக்கிறது. புகார் என்ன, என்னென்ன செய்து பார்த்தோம், என்ன வாக்குக் கொடுத்தோம் என்ற மூன்றும் அதில் இருந்தாக வேண்டும். இருந்தால் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்.

வீட்டு ஃபைபர் இணைப்பில் நடக்கக்கூடிய ஒரு கோளாறை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, காலை பத்து மணிக்குக் கடைக்குக் கிளம்பும் முன் போன் செய்கிறார். “தம்பி, மூணு நாளா சாயங்காலம் ஆனா நெட் போயிடுது. கொசு வருதுன்னு ஜன்னலைச் சாத்திட்டுப் பையன் கிளாஸுக்கு உக்காருவான், கொஞ்ச நேரத்துல பெட்டியில சிவப்பு லைட் மின்ன ஆரம்பிச்சிடும். காலைல எந்திரிச்சு ஜன்னலைத் தொறந்து பாத்தா எல்லாம் நல்லா இருக்கு.”

எடுத்த இளைஞர் தன் திரையில் அந்த வீட்டு இணைப்பைப் பார்க்கிறார். பெட்டி உயிரோடு இருக்கிறது, சிக்னலும் நல்ல அளவில் இருக்கிறது. பெட்டியை அணைத்துப் போடச் சொல்கிறார். போட்டதும் நெட் வருகிறது. “இப்போ சரியா இருக்கு மேடம், நாங்க செக் பண்ணி அப்டேட் பண்றோம்” என்று முடித்துவிட்டு, சுருக்க ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டுகிறார்: ‘கஸ்டமர் கால்டு, நெட் நாட் ஒர்க்கிங், பேசிக் ட்ரபுள்ஷூட்டிங் டன், நவ் ஒர்க்கிங் ஃபைன்.’ புகாருக்கு ‘தீர்ந்தது’ என்ற முத்திரையும் விழுகிறது. அந்த அம்மாவின் போனுக்கு, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று எஸ்எம்எஸ் வருகிறது. அன்று மாலை மறுபடி சிவப்பு விளக்கு.

அந்தச் சிவப்பு விளக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்தால்தான் குறிப்பில் எது விடுபட்டது என்று புரியும். ஃபைபர் கேபிளுக்குள் மயிரிழை போன்ற ஒரு கண்ணாடி இழை ஓடுகிறது. அதன் வழியே வருவது ஒளி. பெட்டியில் எல்ஓஎஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மின்னினால், ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை, அல்லது போதிய அளவு சேரவில்லை என்று பொருள். இந்த ஒளியின் அளவை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். எண் மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்கு அருகே வரவர ஒளி அதிகம். மூன்று எண் கீழே இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. வீடுகளில் பரவலாக இருக்கும் பெட்டிகள் மைனஸ் 27 வரை தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே போனால் இணைப்பு நிலையாக நிற்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கண்ணாடி இழைக்கு ஆகாதது கூர்மையான வளைவு. இழை ஒடியாமலே, வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். நிமிர்த்திவிட்டால் பழைய அளவு திரும்பிவிடும். இந்த வீட்டில் கேபிளை ஜன்னல் சட்டத்தின் மேல் போட்டு உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். ஜன்னல் திறந்திருக்கும் வரை மைனஸ் 21. மாலையில் சாத்தினால் கதவு கேபிளை நசுக்கி மடக்குகிறது, ஒளி எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. காலையில் ஜன்னல் திறக்கிறது, ஒளியும் வந்துவிடுகிறது. அந்த அம்மா தன் வாயாலேயே காரணத்தைச் சொல்லிவிட்டார். ஆனால் குறிப்பில் மாலை என்ற சொல்லும் இல்லை, ஜன்னலும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. நெட் வேலை செய்யவில்லை என்பது மட்டும் இருக்கிறது. அது எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

இனி இரண்டாவது அழைப்பு. மாலையில் எடுத்தவருக்கு அந்த ஒற்றை வரிதான் கையில் இருக்கிறது. ‘பேசிக்’ என்று எழுதியிருப்பதில் எதெல்லாம் அடக்கம் என்று தெரியாததால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். பெட்டியை அணைத்துப் போடச் சொல்கிறார், பலன் இல்லை. அடுத்து, பெட்டியின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியை விட்டு அழுத்தச் சொல்கிறார். பல பெட்டிகளில் இப்படி ரீசெட் செய்தால், உள்ளே பதிந்திருக்கும் இணைப்புக்கான யூசர் நேமும் பாஸ்வேர்டும் அழிந்துவிடும். மறுநாள் காலை ஜன்னலைத் திறக்கிறார்கள், ஒளி வருகிறது, சிவப்பு விளக்கும் அணைகிறது. ஆனாலும் நெட் வரவில்லை. ஒரு கோளாறு இப்போது இரண்டாகிவிட்டது. மூன்றாவதாக எடுக்கப்போகிறவருக்கு ஒளி நல்ல அளவில் இருப்பதாகத் தெரியும், முதல் கோளாறு இருந்த சுவடே அவர் கண்ணில் படாது. ஒரு வரிக் குறிப்பு செய்கிற கேடு இவ்வளவு தூரம் போகிறது.

முதல் அழைப்பை எடுத்தவர் இப்படி எழுதியிருந்தால்?

‘புகார்: மூன்று நாளாக மாலையில் மட்டும் இணைப்பு போகிறது, அப்போது எல்ஓஎஸ் சிவப்பு மின்னுகிறது. ஜன்னலைச் சாத்திய பிறகு போவதாகவும் காலையில் திறந்ததும் சரியாவதாகவும் வாடிக்கையாளர் சொல்கிறார். கேபிள் அந்த ஜன்னல் வழியாக வருகிறது. செய்தது: காலை 10.10க்குப் பார்த்தபோது ஒளி மைனஸ் 21, எல்ஓஎஸ் அணைந்திருந்தது. பெட்டியை ஒரு முறை அணைத்துப் போட்டோம், நெட் வந்தது. கோளாறு இருக்கும் நேரத்தில் இன்னும் சோதிக்கவில்லை. ரீசெட் செய்யவில்லை, தேவையும் இல்லை. சொன்னது: இன்று மாலை 6 முதல் 8க்குள் டெக்னீஷியன் வருவார். அதற்கு முன் வீட்டில் ஆள் இல்லை. மூன்று நாள் வாடகைக் கழிவு கேட்டார். கோரிக்கை அனுப்பியிருக்கிறேன், கிடைக்கும் என்று வாக்குத் தரவில்லை. புகாரை மூடவில்லை.’

தட்டுவதற்குச் சில நிமிடம் பிடிக்கும், படிப்பதற்கு அரை நிமிடம் போதும். இதைப் படித்தவர் மறுபடி கதை கேட்கமாட்டார். “ஜன்னலைச் சாத்தினா போகுதுன்னு சொல்லியிருக்கீங்க. இப்போ லேசா திறந்து பாருங்கம்மா, சிவப்பு நிக்குதா?” என்று நேராகக் கேட்பார். நின்றுவிட்டால் காரணம் அப்போதே தெரிந்துவிடும். டெக்னீஷியனுக்கும் கேபிளைச் சுவரில் துளையிட்டுக் கொண்டுபோகும் வேலை என்று முன்கூட்டியே தெரியும், அதற்கான துளைக்கருவியோடு வருவார்.

இந்தக் குறிப்பில் பெரிய சாமர்த்தியம் ஏதும் இல்லை. பார்த்ததையும் கேட்டதையும் நேரத்தோடு எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். கேபிள் பழுது என்று தன் முடிவை எழுதவில்லை. முடிவு தவறாகலாம், அடுத்தவர் அதையே பிடித்துக்கொண்டு போகலாம். காலை பத்து மணிக்கு மைனஸ் 21 என்பது தவறாகாது. மாலையில் மைனஸ் 30 என்று வந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு நடுவே என்ன மாறியது என்ற கேள்வி தானாக எழும். செய்யாததை எழுதியிருப்பதையும் நான் முக்கியமாக நினைக்கிறேன். ரீசெட் செய்யவில்லை என்ற சொற்கள் அடுத்தவரின் கையைத் தடுக்கின்றன.

வாக்குறுதிப் பகுதியில்தான் சச்சரவு அதிகம். ‘சீக்கிரம் சரியாகும்’ என்று சொல்லிவிட்டு, குறிப்பில் ‘அப்டேட் செய்யப்படும்’ என்று எழுதினால், யார், எப்போது, எதைச் செய்யப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆள் வருவதாகச் சொல்வது ஒரு வாக்கு, சரிசெய்து தருவதாகச் சொல்வது இன்னொரு வாக்கு. தொலைபேசியில் பேசுகிறவர் முதலாவதைத்தான் தரமுடியும். பணக் கழிவும் அப்படித்தான். ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் இன்னொருவரிடம் இருக்கும். கேட்டிருக்கிறேன் என்பதற்கும் கிடைக்கும் என்பதற்கும் உள்ள வேறுபாடு குறிப்பில் இல்லாவிட்டால், அடுத்த மாதம் பில் வரும்போது பாவம் மூன்றாவது ஆள் வசவு வாங்குவார்.

எழுதுகிறவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கால் சென்டர்களில் ஒவ்வொரு அழைப்பையும் சராசரியாக எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார்கள் என்று அளக்கிறார்கள். அழைப்பு முடிந்தபின் குறிப்பு எழுதும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும். அதற்குள் அடுத்த அழைப்பு வரிசையில் நிற்கிறது. நன்றாக எழுதினால் நேரம் போனது என்று கேள்வி வரும், மோசமாக எழுதினால் அதன் பலனை அனுபவிப்பது வேறொருவர். இந்த ஏற்பாட்டை மாற்றவேண்டியவர்கள் நிர்வாகிகள். தேர்ந்த ஊழியர்கள் பேசிக்கொண்டே எழுதிவிட்டு, போனை வைக்குமுன் வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

குறிப்பில் வரக்கூடாதவையும் உண்டு. ஓடிபி, கார்டு எண், பாஸ்வேர்டு எதையும் எழுதக்கூடாது. அந்தப் பக்கத்தைப் பலர் திறந்து பார்க்கிறார்கள். ‘கத்துகிறார்’, ‘தொல்லை பிடித்தவர்’ போன்ற சொற்களும் ஆகாது. படிக்கிறவர் அந்த மனிதரிடம் பேசும் முன்பே விறைத்துக்கொள்வார். கோபமாக இருந்தார் என்றால் காரணத்தை எழுதலாம்: இரண்டு முறை ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை என்று.

போன் செய்கிறவர்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. எந்த நேரத்தில் போகிறது, எந்த விளக்கு என்ன நிறத்தில் இருந்தது, அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன செய்தோம் என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லுங்கள். விளக்குகளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது, “தம்பி, என்ன எழுதியிருக்கீங்கன்னு ஒரு தடவை வாசிங்க” என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. பழைய புகார் தீராமல் இருக்கும்போது புது எண் கொடுத்தால், பழைய எண்ணையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய குறிப்புகள் பழைய எண்ணோடு தங்கிவிடும்.

இந்தியாவில் தொலைபேசி, பிராட்பேண்ட் புகார்களுக்கு டிராய் 2012இல் கொண்டுவந்த விதிமுறைகள் இருக்கின்றன. அவற்றின்படி ஒவ்வொரு புகாருக்கும் நிறுவனம் ஒரு டாக்கெட் எண் தரவேண்டும். புகார் தீராவிட்டாலோ, தீர்த்த விதம் திருப்தி தராவிட்டாலோ அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்கே போனாலும் முதலில் கேட்பது டாக்கெட் எண்ணைத்தான். அதனால் அதை எழுதி வையுங்கள், பக்கத்திலேயே என்ன வாக்குத் தந்தார்கள் என்பதையும் தேதியோடு எழுதுங்கள்.