புத்தகம் வரவில்லை, ஆடிட்டர் கிளம்பிவிட்டார்

2023 ஜூன் 22-ஆம் தேதியிட்ட ஒரு கடிதம் பைஜூஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்குப் போனது. எழுதியது, அந்த நிறுவனத்தின் சட்டப்பூர்வ தணிக்கையாளரான டெலாய்ட் ஹாஸ்கின்ஸ் அண்ட் செல்ஸ். 2022 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கைகள் வெகுவாகத் தாமதமாகின்றன. கணக்குப் புத்தகங்கள் தணிக்கைக்குத் தயாரா என்று எந்தத் தகவலும் இல்லை. முந்தைய ஆண்டு அறிக்கையில் நாங்கள் குறிப்பிட்ட ஆட்சேபங்கள் தீர்க்கப்பட்டனவா என்பதற்கும் பதில் வரவில்லை. இன்றைய தேதி வரை தணிக்கையைத் தொடங்கவே முடியவில்லை. ஆகவே உடனடியாக விலகுகிறோம் என்பதே கடிதத்தின் சாரம். நிறுவனத்தின் தலைவர் பைஜு ரவீந்திரனுக்கும் இயக்குநர் குழுவுக்கும் முன்பே கடிதங்கள் எழுதியிருந்ததையும் டெலாய்ட் அதில் பதிவு செய்திருந்தது.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனி தன் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை முடித்து, செப்டம்பர் 30-க்குள் பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பது பொது விதி. அப்படிப் பார்த்தால் 2022 செப்டம்பரிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை அது. டெலாய்ட் விலகியபோது கெடு தாண்டி ஒன்பது மாதம் ஆகப்போகிறது, தணிக்கையோ தொடங்கக்கூட இல்லை. 2022-இல் 2,200 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட நிறுவனம் அது. அதன் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே வெளியாள், தன்னால் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏறக்குறைய அதே சமயத்தில், முதலீட்டாளர்கள் சார்பில் குழுவில் இருந்த மூன்று இயக்குநர்களும் விலகினார்கள்.

ஆவணங்கள் கைக்கு வராவிட்டால் ஆடிட்டரால் ஏன் வேலை செய்ய முடியாது என்பதற்கு பைஜூஸின் தொழிலே நல்ல உதாரணம். ஒரு பெற்றோர் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுப் பாடத்திட்டம் வாங்குகிறார். கையில் முழுப் பணம் இல்லாததால் ஒரு நிதி நிறுவனம் கடன் கொடுக்கிறது. அவர் மாதத் தவணை கட்டுகிறார். இந்த விற்பனையில் கம்பெனியின் இந்த ஆண்டு வருமானம் எவ்வளவு? முழுத் தொகையையும் இன்றே வருமானம் என்று எழுதலாமா, பாடம் நடக்கும் மாதங்களுக்குப் பிரித்து எழுத வேண்டுமா? பெற்றோர் நடுவில் வேண்டாம் என்று நிறுத்திவிட்டால் கடனுக்கு யார் பொறுப்பு? இதற்கெல்லாம் விடை விற்பனைப் பட்டியலில் இருக்காது. பெற்றோருடனான ஒப்பந்தம், நிதி நிறுவனத்துடனான ஒப்பந்தம், ரத்தான விற்பனைகளின் பதிவு, பணம் வந்து சேர்ந்த வங்கிக் கணக்கு விவரம் ஆகிய நான்கையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த நான்கில் ஒன்று வராவிட்டாலும் மற்ற மூன்றும் அரைகுறைதான்.

இது வெறும் நுணுக்கப் பிரச்சினை அல்ல. 2020-21 கணக்கில், வருமானத்தை எந்தக் காலத்துக்கு எழுதுவது என்ற முறையை பைஜூஸ் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நிதியாண்டு முடிந்து ஒன்றரை ஆண்டு கழித்து, 2022 செப்டம்பரில் வெளியான அந்தக் கணக்கில் நட்டம் 4,500 கோடி ரூபாயைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு நட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது சுமார் 232 கோடிதான். இப்படி ஒரு ஆண்டைக் கடந்து வந்த ஆடிட்டர், அடுத்த ஆண்டுக்கு 'நீங்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்ல முடியாது.

ஆவணம் கேட்பது ஆடிட்டருக்குச் சட்டம் கொடுத்த உரிமை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 143-ஆவது பிரிவு, கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் எந்த நேரத்திலும் பார்க்கலாம், அவை எங்கே வைக்கப்பட்டிருந்தாலும் பார்க்கலாம், அதிகாரிகளிடம் விளக்கம் கேட்கலாம் என்கிறது. ஆனால் நடைமுறையில் இந்த உரிமைக்குப் பல் குறைவு. பீரோவைத் திறக்க வைக்க ஆடிட்டரிடம் எந்த அதிகாரமும் இல்லை. சோதனை போட முடியாது, பறிமுதல் செய்ய முடியாது. மின்னஞ்சல் அனுப்பலாம், நினைவூட்டலாம், இயக்குநர் குழு வரை கொண்டு போகலாம். அதற்கு மேல் அவரிடம் மிஞ்சுவது அவருடைய கையெழுத்து ஒன்றுதான். போடலாம், போடாமல் இருக்கலாம், அல்லது எழுந்து போகலாம்.

தணிக்கைத் தரநிலைகள் இந்த மூன்றையும் வரிசைப்படுத்தித்தான் வைத்திருக்கின்றன. கிடைக்காத ஆவணம் ஒரு குறிப்பிட்ட விஷயத்தோடு நின்றுவிடுமானால், 'இதைத் தவிர மற்றவை சரி' என்று வரையறுத்த கருத்து கொடுக்கலாம். குறை கணக்கு முழுவதையும் தொடுமானால், கருத்தே சொல்ல இயலவில்லை என்று அறிக்கையில் எழுத வேண்டும். தரநிலை 705 அதற்கு ஒரு படி முன்னால் நின்று இன்னொன்றையும் சொல்கிறது: நிர்வாகமே தடை போட்டிருந்தால், சட்டம் இடம் கொடுத்து, நடைமுறையிலும் இயலுமானால், ஆடிட்டர் விலகலாம். வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு விலகுவதைவிட, 'கருத்து சொல்ல இயலவில்லை' என்று எழுதிக் கொடுப்பதே பொருத்தம் என்ற நிலையும் வரும். டெலாய்ட் விஷயத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. தணிக்கை தொடங்காததால் கருத்து சொல்லவோ மறுக்கவோ முன்னால் ஒன்றும் இருக்கவில்லை.

விலகும் ஆடிட்டர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடவும் முடியாது. 140-ஆவது பிரிவின்படி முப்பது நாளுக்குள் ஏடிடி-3 என்ற படிவத்தைக் கம்பெனிக்கும் கம்பெனிப் பதிவாளருக்கும் தாக்கல் செய்ய வேண்டும். ஏன் விலகினார் என்ற காரணமும், அதோடு தொடர்புடைய மற்ற உண்மைகளும் அதில் இருக்க வேண்டும். தாக்கலான படிவத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். கம்பெனிக்குக் கடன் கொடுத்த வங்கியும், சரக்கு கொடுத்துப் பாக்கிக்குக் காத்திருக்கும் வியாபாரியும் முதலில் தேட வேண்டிய காகிதம் இதுதான். இங்கேதான் நல்ல ஆடிட்டருக்கும் மழுப்பும் ஆடிட்டருக்கும் வித்தியாசம் தெரியும். 'வேலைப் பளு காரணமாக' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுபவர்கள் உண்டு. அந்த ஒரு வரி பங்குதாரருக்குச் செய்யும் துரோகம். எந்த ஆவணம், எந்தத் தேதியில் கேட்கப்பட்டது, யார் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதியிருந்தால்தான் அந்தப் படிவத்தால் படிக்கிறவருக்குப் பயன்.

மோசடி நடந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் நிலைமை இன்னும் கடுமையாகிறது. ஒரு கோடி ரூபாய்க்கோ அதற்கு மேலோ அதிகாரிகளோ ஊழியர்களோ மோசடி செய்ததாக நம்பக் காரணமிருந்தால், ஆடிட்டர் அதை மத்திய அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். விலகிவிட்டால் இந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது என்று தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2023 ஜூனில் ஒரு சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். அதற்குப் பின்னணி 2018. மாம்பழ பானம் தயாரிக்கும் வதோதரா கம்பெனியான மன்பசந்த் பெவரேஜஸ், ஆண்டு முடிவுகளை அறிவிக்க இருந்த சில நாட்களுக்கு முன்பு அதன் ஆடிட்டரான டெலாய்ட் விலகியது. கேட்ட முக்கியத் தகவல்கள் தரப்படவில்லை என்பது காரணம். பங்கு விலை சரிந்தது. கையில் பங்கு வைத்திருந்த சிறு முதலீட்டாளருக்கு என்ன தகவல் கேட்கப்பட்டது என்றுகூடத் தெரியவில்லை. 2019 அக்டோபரில் செபி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் விலகுபவர் அந்தக் காலாண்டுக்கான அறிக்கையைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். 45 நாள் கழித்து விலகினால் அடுத்த காலாண்டுக்கும் கொடுக்க வேண்டும். மூன்று காலாண்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் அந்த ஆண்டையே முடித்துக் கொடுக்க வேண்டும். தகவல் தராததுதான் காரணம் என்றால், கேட்டது என்ன, வராதது என்ன என்ற விவரத்தைத் தணிக்கைக் குழுவிடம் சொல்ல வேண்டும். பைஜூஸ் பட்டியலிடாத தனியார் கம்பெனி. ஆகவே இந்த விதிகள் அதற்குப் பொருந்தவில்லை.

டெலாய்ட் போன இடத்துக்கு பிடிஓ வலையமைப்பைச் சேர்ந்த எம்எஸ்கேஏ அண்ட் அசோசியேட்ஸ் வந்தது. வரும் ஆடிட்டர் போகும் ஆடிட்டருக்கு எழுதிக் கேட்காமல் பொறுப்பேற்கக் கூடாது என்பது பட்டயக் கணக்காளர் தொழில்முறை விதி. முந்தையவர் ஏன் விலகினார் என்பது தெரியாமல் புதியவர் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது. 2021-22 கணக்கை செப்டம்பருக்குள் முடித்துவிடுவோம் என்று நிர்வாகம் பங்குதாரர்களிடம் சொன்னது. அது 2024 ஜனவரியில்தான் வெளியானது. நட்டம் 8,245 கோடி ரூபாய். டெலாய்ட் தொடங்கவே முடியாத தணிக்கைக்குள் இருந்தது இந்த எண்தான்.

2024 செப்டம்பரில் இரண்டாவது ஆடிட்டரும் விலகினார். நிர்வாகத்திடமிருந்து போதிய ஒத்துழைப்பு இல்லை, கேட்ட விளக்கங்களும் ஆவணங்களும் வரவில்லை என்பதே இம்முறையும் காரணம். குறிப்பாக, துபாயில் உள்ள ஒரு விற்பனை நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய 1,400 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பாக்கி பற்றி அவர் கேள்வி எழுப்பியிருந்தார். இதுபோன்ற பாக்கியைச் சரிபார்க்க ஆடிட்டர் கேட்பது எளிய விஷயங்கள்தான்: அந்த நிறுவனத்திடமிருந்து நேரடியாக வரும் உறுதிக் கடிதம், சரக்கோ சேவையோ போய்ச் சேர்ந்ததற்கான சான்று, இதுவரை வந்த பணத்தின் வங்கிப் பதிவு. வசூலாகுமா என்று இவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். வசூலாகாது என்றால் அத்தனை தொகையும் நட்டத்தில் சேரும். பைஜூஸ் தரப்பு இந்தக் காரணத்தை ஏற்கவில்லை. அறிக்கைகளில் முன்தேதி போட நிறுவனம் மறுத்ததால்தான் ஆடிட்டர் போனார் என்று எதிர்க் குற்றச்சாட்டு வைத்தது.

இதற்குள் நிலைமை வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய்ப் பாக்கிக்காக, 2024 ஜூலையில் பெங்களூரு தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் பைஜூஸின் தாய் நிறுவனமான திங்க் அண்ட் லேர்ன் மீது திவால் நடவடிக்கையை அனுமதித்தது. இயக்குநர் குழுவின் அதிகாரம் நிறுத்தப்பட்டு, நிர்வாகம் தீர்ப்பாயம் நியமித்த தீர்வு அலுவலரின் கைக்குப் போக வேண்டிய கட்டம். ஆடிட்டருக்குக் கிடைக்காத ஒன்று அந்த அலுவலருக்கு உண்டு. பழைய நிர்வாகத்தினர் புத்தகங்களைத் தர மறுத்தால், திவால் சட்டத்தின் 19-ஆவது பிரிவின் கீழ் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, ஒப்படைக்கும்படி உத்தரவு வாங்கலாம்.