இருபதில் ஒரு பக்கம்: மின்னாக்க நூல்களில் எஞ்சிய பிழையைக் கணிக்கும் முறை

அச்சு நூல்களை ஆயிரக்கணக்கில் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றும் திட்டங்களில், ஒவ்வொரு பக்கத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கிறார்கள். அதில் அகப்படும் பிழைகளை வைத்து, படிக்காமல் விட்ட பகுதியில் எத்தனை பிழை இருக்கும் என்று கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: பக்கங்களை எப்படி எடுத்தார்கள், மொத்தம் எவ்வளவு படித்தார்கள், படித்தவர் கண்ணுக்கு எத்தனை பிழை தப்பியது.

இந்த முறை பெரிய அளவில் கையாளப்பட்ட இடங்களுள் ஒன்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் முன்னின்று நடத்திய 'டெக்ஸ்ட் கிரியேஷன் பார்ட்னர்ஷிப்' திட்டம். 1700 வரை அச்சான ஆங்கில நூல்களை, மைக்ரோஃபிலிம் வழியே கிடைத்த படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். சுமார் 25,000 நூல்களின் பாடம் 2015 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாக வெளியிடப்பட்டது. தட்டச்சு செய்து தந்த நிறுவனங்களுக்கு விதித்த அளவுகோல் 99.995 சதவீதத் துல்லியம், அதாவது 20,000 எழுத்துக்கு ஒரு பிழைக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு நூலிலும் 5 சதவீதம் அல்லது 5 பக்கம், இரண்டில் எது அதிகமோ அதை மெய்ப்புப் பார்த்தார்கள். தேறாத நூல் தட்டச்சுக்கே திரும்பிப் போனது.

எதைப் பிழை என்பது?

எண்ணத் தொடங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்தாக வேண்டும். அக்கால ஆங்கில அச்சில் 'எஸ்' எழுத்துக்கு நீண்ட வடிவம் ஒன்று உண்டு. பார்வைக்கு அது 'எஃப்' போலவே இருக்கும். ஒன்றை மற்றொன்றாக அடித்தால் அது பிழை. மை பரவியோ படம் மங்கியோ படிக்க முடியாத எழுத்தை ஊகித்து அடிக்காமல், 'தெளிவில்லை' என்ற குறியீட்டோடு விட்டுவைத்தால் அதைப் பிழையோடு சேர்க்காமல் தனியே எண்ண வேண்டும். மூல நூலிலேயே இருக்கும் அச்சுப்பிழையை அப்படியே அடித்திருந்தால் அது சரி. இந்த வரையறைகள் எழுத்தில் இல்லாவிட்டால், ஒரே பக்கத்தை இருவர் பார்த்து இரு வேறு எண்ணிக்கை சொல்வார்கள்.

சதவீதம் அல்ல, எண்ணிக்கை

இருபதில் ஒரு பங்கு பார்த்தாயிற்று என்றால் போதுமானது போலத் தோன்றும். கணக்குப் போட்டால் நிலைமை வேறு. 200 பக்க நூல் ஒன்று, பக்கத்துக்கு 2,000 எழுத்து என்று கொள்வோம். 5 சதவீதம் என்பது 10 பக்கம், 20,000 எழுத்து. அளவுகோலுக்குச் சரியாகப் பொருந்தும் நூலில் இந்தப் பத்துப் பக்கத்தில் சராசரியாக ஒரு பிழை இருக்கும்.

பத்துப் பக்கத்தில் ஒரு பிழையும் அகப்படவில்லை என்றால், நூலில் பிழையே இல்லை என்று சொல்ல முடியாது. புள்ளியியலில் இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: பார்த்ததில் ஒன்றும் அகப்படாவிட்டால், மூன்றைப் பார்த்த எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேல்வரம்பு. இங்கே அது 20,000 எழுத்துக்கு 3 பிழை. அளவுகோலைப் போல் மூன்று மடங்கு பிழை உள்ள நூலும் சுத்தமாகத் தெரிய இடமுண்டு என்பதே இதன் பொருள்.

ஒரு பிழை வரை ஏற்பது, இரண்டு வந்தால் திருப்பி அனுப்புவது என்று வைத்துக்கொண்டாலும் தீர்ப்பு தடுமாறும். சரியாக அளவுகோலில் நிற்கும் நூல்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று திரும்பிப் போகும். மூன்று மடங்கு பிழையுள்ள நூல்களில் ஐந்தில் ஒன்று தேறிவிடும். பத்துப் பக்கம் படுமோசமான நூலைப் பிடித்துக் கொடுக்கும். சுமாரான நூலையும் நல்ல நூலையும் அதனால் பிரித்துக் காட்ட முடியாது. 8 பக்கச் சிறு பிரசுரத்தில் 5 சதவீதம் என்றால் அரைப் பக்கம்கூடத் தேறாது. குறைந்தது 5 பக்கம் என்ற விதியின் தேவை அங்கேதான் புரியும்.

அதே வேலையை நூறு நூல்களுக்குச் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. 1,000 பக்கம், 20 லட்சம் எழுத்து படித்ததில் 100 பிழை அகப்பட்டால், தற்செயலால் வரும் ஏற்ற இறக்கம் சுமார் 20. எனவே பிழை விகிதம் 20,000 எழுத்துக்கு 0.8 முதல் 1.2 வரை என்று உறுதியாகச் சொல்லலாம். தனி நூலைப் பற்றிச் சொல்ல முடியாததைத் தொகுப்பைப் பற்றிச் சொல்ல முடிகிறது.

பிழைகள் கூட்டமாக வரும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் பொருந்தும். நூல் அப்படி இருப்பதில்லை. நடுவே நல்ல அச்சு இருக்க, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கிழிந்து கறைபட்டிருக்கும். ஓரக்குறிப்புகள் பொடி எழுத்தில் இருக்கும். மேற்சொன்ன 100 பிழையும் 20 பக்கத்தில் பக்கத்துக்கு ஐந்தாகக் குவிந்திருந்தால், உண்மையில் கைக்குக் கிடைத்த தகவல் 20 மோசமான பக்கங்கள்தான். அப்போது ஏற்ற இறக்கம் 20 அல்ல, சுமார் 45. கணிப்பின் எல்லை 0.55 முதல் 1.45 வரை விரிந்துவிடும். ஆகவே மொத்தப் பிழையை மட்டும் குறித்தால் போதாது. பக்கவாரியாகக் குறித்து வைக்க வேண்டும்.

பக்கங்களை எடுப்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. முதல் பத்துப் பக்கத்தை எடுப்பதும், படிக்க வசதியான பக்கத்தைக் கையால் பொறுக்குவதும் கணிப்பைக் கெடுக்கும். கணினியைக் கொண்டு குலுக்கல் முறையில் பக்க எண்களை எடுக்க வேண்டும். நல்ல படம், மங்கிய படம், அட்டவணை என்று முன்பே வகை பிரித்து, வகைக்கு வகை குலுக்கி எடுத்தால், அதே உழைப்பில் கணிப்பு கூர்மையாகும். தட்டச்சு செய்பவருக்கு எந்தப் பக்கம் சோதிக்கப்படும் என்று முன்கூட்டித் தெரியவே கூடாது.

சரிபார்ப்பவர் விட்டவை

மெய்ப்புப் பார்ப்பவரும் பிழைகளை விட்டுவிடுவார். அதை அளக்கும் வழியைக் கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1976-இல் ஒரு சிறு கட்டுரையில் காட்டினார். ஒரே பக்கங்களை இருவர் தனித்தனியே படிக்கட்டும். முதல்வர் 30 பிழையும் இரண்டாமவர் 24 பிழையும் கண்டு, அவற்றுள் 20 பொதுவாக இருந்தால், முதல்வர் கண்ட 30-இல் மூன்றில் இரண்டு பங்கை இரண்டாமவர் பிடித்திருக்கிறார். எனவே அவர் கண்ட 24 என்பது மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மொத்தம் 36. இருவரும் சேர்ந்து கண்டவை 34. இன்னும் இரண்டு யார் கண்ணிலும் படவில்லை.

இருவரும் ஒரே மாதிரிப் பிழையில் சறுக்கினால் இந்தக் கணக்கும் குறைத்தே சொல்லும். 'எஃப்' போலத் தெரியும் நீண்ட 'எஸ்' இருவரையும் ஏமாற்றும். பொருள் தரும் வேறொரு சொல்லாக மாறிவிட்ட பிழை இருவர் கண்ணுக்கும் தப்பும். ஆகவே கிடைக்கும் விடையைக் குறைந்தபட்சம் என்றே கொள்ள வேண்டும்.

எஞ்சியதைச் சொல்லும் விதம்

மாதிரிப் பக்கங்களில் கண்ட பிழையைத் திருத்துவதால் அந்தப் பக்கங்கள் மட்டுமே சுத்தமாகின்றன. மீதி 95 சதவீதம் அப்படியே இருக்கிறது. திருத்திய பின் எண்ணினால் கிடைக்கும் நல்ல எண் தொகுப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. திருத்துவதற்கு முன் எண்ணியதே கணிப்புக்கு அடிப்படை. எத்தனை பக்கம், எப்படி எடுக்கப்பட்டது, எது பிழையாகக் கொள்ளப்பட்டது, கணிப்பின் மேல் கீழ் எல்லைகள் எவை என்ற நான்கும் இல்லாமல் '99.995 சதவீதத் துல்லியம்' என்று ஒரு தொகுப்பு அறிவித்தால், அதை அளந்து பெற்ற முடிவாக ஏற்க முடியாது.