ஆற்றின் வாயில் குப்பைப் பொறி, கடலின் அடியில் கொக்கி! தெரியுமா?

அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் இரண்டு பெரிய கண்களை உருட்டிக்கொண்டு ஒருவர் குப்பை தின்றுகொண்டே இருக்கிறார், தெரியுமா? பெயர் மிஸ்டர் டிராஷ் வீல்! 2014 மே மாதம் வேலையில் சேர்ந்தார். ஆள் அல்ல, மிதக்கும் இயந்திரம். ஜோன்ஸ் ஃபால்ஸ் ஆறு துறைமுகத்தில் கலக்கும் இடத்தில் வாயைத் திறந்து காத்திருக்கிறார்.

சாப்பாடு எப்படி வாய்க்கு வருகிறது? ஆற்றின் இரு பக்கமும் மிதவைத் தடுப்புகள். மிதந்து வரும் குப்பையை அவை நடுவாய்க்குத் தள்ளிவிடும். அங்கே சுழலும் முள்கரண்டிகள் வாரி எடுத்து கன்வேயர் பெல்ட்டில் போட, அது மேலேறிப் பின்னாலுள்ள மிதக்கும் தொட்டியில் கொட்டும். சரி, இத்தனைக்கும் கரண்ட் பில் எவ்வளவு? பூஜ்யம்! ஆற்று நீரோட்டமே ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்ற, அந்தச் சக்கரம்தான் எல்லாவற்றையும் ஓட்டுகிறது. ஓட்டம் குறைந்த நாளில் சூரிய ஒளியில் ஓடும் பம்ப் தண்ணீரை இறைத்துச் சக்கரத்தின் தலையில் ஊற்றும். அப்புறம் என்ன, சுற்ற வேண்டியதுதான்!

2015 ஏப்ரல் 20. மழை கொட்டிய நாள். அந்த ஒரே நாளில் அவர் விழுங்கியது சுமார் 17 டன்! இதுவரை வயிற்றில் கிடைத்தவை? பாட்டில்கள், தெர்மாகோல் பெட்டிகள், ஒரு கோடிக்கும் மேல் சிகரெட் துண்டுகள், ஒரு கிடார், ஒருமுறை உயிரோடு ஒரு மலைப்பாம்பு! அந்தப் பாம்பை நினைத்து உள்ளூரில் ஒரு பீருக்கே பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் பாருங்கள்!

இதெல்லாம் சாதுவான ஆற்றில். காட்டாறு என்றால்?

குவாத்தமாலா நகரத்தின் குப்பையைச் சுமந்து ஓடும் லாஸ் வாகாஸ் என்ற ஆறு இருக்கிறது. மொத்தாகுவா என்ற பெரிய ஆற்றில் சேர்ந்து கரீபியன் கடலுக்குப் போகிறது. ஆண்டின் பெரும்பகுதி சின்ன ஓடைதான். மழை வந்தால் போதும், தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது, குப்பை மட்டும்தான் பாய்ந்து வரும்! 2022இல் நெதர்லாந்தின் 'தி ஓஷன் கிளீனப்' அமைப்பு ஆற்றின் குறுக்கே பிரமாண்டமான இரும்பு வேலி போட்டது. எவ்வளவு உயரம் தெரியுமா? 8 மீட்டர்! அகலம் 50 மீட்டர்!

வெள்ளம் வந்தது. வேலி குப்பையைப் பிடித்தது. மலை மாதிரி பிடித்தது. அங்கேதான் வினை! குப்பை அடைத்துக்கொண்டதும் வேலி அணையாக மாறிவிட்டது. போக வழியில்லாத தண்ணீர் என்ன செய்யும்? கீழே குடைந்தது! கம்பங்களின் காலடி மண் அரித்துப்போக, வேலி தளர்ந்து, பிடித்த குப்பையில் ஏகப்பட்டது தப்பி ஓடிவிட்டது.

பாடம் புரிந்ததா? வெள்ளத்தோடு மல்லுக்கட்டக் கூடாது! 2023இல் அதே ஆற்றில் வேறு இடம் பார்த்து, இரண்டு மிதவைத் தடுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார்கள். தண்ணீர் அடியில் தாராளமாகப் போகலாம், மேலே மிதப்பது மட்டும் மாட்டிக்கொள்ளும். முதல் தடுப்பை ஏமாற்றியது இரண்டாவதில் சிக்கும். பொக்லைன் வந்து அள்ளி லாரியில் ஏற்றும்.

இதைவிட எளிமையான தடுப்பும் அதே நாட்டில் உண்டு. பெயர் பயோபார்தா. மூடி போட்ட காலி பாட்டில்களை வலைக்குள் நிறைத்து, நீளமாக ஆற்றின் குறுக்கே கட்டிவிடுகிறார்கள். குப்பையே குப்பையைப் பிடிக்கிறது!

ஆனால் எல்லாத் தடுப்புக்கும் ஒரு ஓட்டை உண்டு. எது தெரியுமா? மிதக்காத பிளாஸ்டிக்! கேரி பேக் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனம். மூடி இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது, தடுப்பில் மாட்டும். மூடி கழன்று தண்ணீர் புகுந்ததோ, அடிவழியே கடலுக்கு நடை! ஒரு திருகுமூடியில் இருக்கிறது சங்கதி!

இதற்கும் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். கால்வாய்த் தரையில் ஓட்டை போட்ட குழாயைக் குறுக்குச் சாய்வாகப் படுக்கவைத்து, காற்றை அடிக்கிறார்கள். எழும்பும் குமிழித் திரை, நீருக்குள் இடையில் மிதந்து வரும் பிளாஸ்டிக்கை மேலே தூக்கிக் கரையோரக் கூடைக்கு ஒதுக்குகிறது. படகு தாண்டும், மீன் தாண்டும், பிளாஸ்டிக் தாண்டாது!

ஆற்றை அடைத்தாயிற்று. கடலிலேயே பிறக்கும் குப்பைக்கு என்ன செய்வது? தொலைந்த வலைகளைத்தான் சொல்கிறேன்! 7 நாடுகளில் 451 மீனவர்களைக் கேட்டு, 2022இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் போட்ட கணக்கைக் கேளுங்கள். உலகம் முழுக்க ஓர் ஆண்டில் கடலில் தொலையும் சுருக்குமடி வலையின் பரப்பு சுமார் 75,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேலே போர்த்திவிடலாம்! நீளத் தூண்டில்களின் தாய்க்கயிறு மட்டும் சுமார் 7,40,000 கிலோமீட்டர். நிலாவுக்குப் போய்விட்டு வீடு திரும்பக் கொஞ்சம்தான் குறையும்!

மிதக்கிறதா, மூழ்குகிறதா என்ற அதே கேள்வி இங்கேயும் வருகிறது. பாலிஎத்திலீன் வலை மிதக்கும். வட பசிபிக்கின் பெரிய குப்பைத் திட்டின் எடையில் 46 சதவீதம் மீன்வலைதான்! நைலான் செவுள் வலையோ மூழ்கும். அதோடு விடாது. ஆளில்லாமலே மீன் பிடிக்கும்! செத்த மீனைத் தின்ன நண்டு வரும், நண்டும் மாட்டும். இதற்குப் பேய் வலை என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை!

பேயை எப்படிப் பிடிப்பது? நார்வேயைப் பாருங்கள். அங்கே வலை தொலைந்தால் மீனவர் முதலில் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் எங்கே, எப்போது தொலைந்தது என்று கடலோரக் காவல் படைக்குச் சொல்லியே ஆகவேண்டும், இது சட்டம்! அந்த இடங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கப்பல் போகிறது. கருவி? நம் ஊரில் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டிதான், அளவில் மட்டும் பூதம்! கடல்தரையோடு மெதுவாக இழுத்துப் போவார்கள். கயிற்றின் இழுப்பு திடீரென்று கூடினால் ஏதோ மாட்டியது என்று அர்த்தம். அது பாறையாகவும் இருக்கலாம்! 1983இல் தொடங்கிய இந்த வேட்டையில் இதுவரை 20,000 வலைகளுக்கு மேல் மேலே வந்திருக்கின்றன.

கேரளாவில் கொல்லம் அருகே நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் 2017 முதல் இன்னொரு ஏற்பாடு. வலையில் மீனோடு வரும் பிளாஸ்டிக்கை முன்பெல்லாம் திரும்பக் கடலிலேயே வீசிவிடுவார்களாம்! இப்போது பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். பெண்கள் தரம் பிரித்துக் கழுவ, இயந்திரம் பொடியாக்க, அது தார்ச்சாலைக்குப் போகிறது.

பிளாஸ்டிக்கைச் சாலை ஆக்கலாம் என்று காட்டியவர் யார் தெரியுமா? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன்! சுமார் 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லிமேல் பிளாஸ்டிக் துகளைத் தூவினால், உருகி ஜல்லிக்குச் சட்டை போட்டுவிடும். அப்புறம் தார்.

அப்படியானால் பழைய நைலான் வலையையும் அதில் போடலாமே? முடியாது! நைலான் உருக 220 டிகிரி வேண்டும். அதற்கு வழியே வேறு. ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் ஒரு தொழிற்சாலை நைலானை அது பிறந்த மூலப்பொருளாகவே பிரித்து, புது நூலாக நூற்கிறது. கம்பளமாகிறது, நீச்சல் உடையாகிறது! ஆனால் அதற்கு முன்னால் ஈயக்குண்டு, மிதவை, வேறு பிளாஸ்டிக்கில் முறுக்கிய ஓரக்கயிறு எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். அதில் பெரும்பகுதி, கத்தியை வைத்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்து கையால் அறுத்து எடுக்கிற வேலை!